டெலிகோ அணை: முடிப்பதா, நிறுத்துவதா? 1979-ஆம் ஆண்டின் மீதிக் கணக்கு

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் லிட்டில் டென்னசி ஆற்றின் குறுக்கே டெலிகோ அணையை டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் 1967-இல் கட்டத் தொடங்கியது. 1973-இல் அந்த ஆற்றில் ஸ்நெய்ல் டார்ட்டர் என்ற விரல் நீளச் சிறுமீன் கண்டுபிடிக்கப்பட்டது. அது அழியும் நிலை உயிரினங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்ட பின் தொடர்ந்த வழக்கில், 1978 ஜூன் மாதம் உச்ச நீதிமன்றம் அணையை நிரப்பக் கூடாது என்று தீர்ப்பளித்தது. அதற்குள் ஏறத்தாழ 10 கோடி டாலர் செலவாகியிருந்தது, சுவரும் எழும்பி நின்றது. இனி மதகை அடைத்து நீரைத் தேக்குவதா, பள்ளத்தாக்கை ஆற்றுக்கும் உழவுக்கும் விட்டுவிடுவதா என்பதே கேள்வி. இதை முடிவு செய்ய நாடாளுமன்றம் ஓர் உயர்நிலைக் குழுவை அமைத்தது. ஓர் உயிரினத்தின் அழிவுக்கே அனுமதி தரும் அதிகாரம் அதற்கு இருந்ததால் மக்கள் அதைக் 'கடவுள் குழு' என்றழைத்தார்கள். 1979 ஜனவரி 23 அன்று அழியும் நிலை உயிரினங்களைக் காக்கும் சட்டத்திலிருந்து அணைக்கு விலக்குத் தரக் குழு ஒருமனதாக மறுத்தது. ஆனால் மறுப்புக்கு வலுச் சேர்த்தது மீன் அன்று, கணக்கு.

முடிப்பதற்கு ஆதரவான வாதம் எளிமையானது: 95 விழுக்காடு முடிந்துவிட்டது, மிச்சம் சொற்பம், இப்போது விட்டால் 10 கோடியும் வீண். இந்த வாதத்தில் ஒரு பாதி சரி, மறு பாதி தவறு. கொட்டிய கான்கிரீட்டுக்கான பணம் நாம் எதைத் தேர்ந்தெடுத்தாலும் திரும்பாது. இரு தட்டிலும் ஒரே அளவு ஏறும் எடையை எடுத்துவிட்டால் தராசு மாறாது என்பதால், அதை ஒப்பீட்டில் சேர்க்கவே கூடாது. அந்தச் செலவு ஏற்கெனவே நடந்துவிட்டதால் எஞ்சிய செலவு குறைந்திருக்கிறது என்பது உண்மை. அதனால்தான் பாதியில் நிற்கும் திட்டங்களில் பெரும்பாலானவற்றை முடிப்பதே லாபமாக அமைகிறது. இந்த மீதிக் கணக்கின்படி டெலிகோவும் எளிதில் வென்றிருக்க வேண்டும். ஆனால் குழுவின் ஆய்வில், இனி ஏற்படும் செலவு ஆண்டுக்குச் சுமார் 72 லட்சம் டாலர் என்றும் கிடைக்கும் பலன் சுமார் 65 லட்சம் டாலர் என்றும் வந்தது. கிட்டத்தட்ட முடிந்துவிட்ட ஓர் அணை தன் மீதிச் செலவைக்கூட மீட்கவில்லை.

இது எப்படி நடக்கும் என்பதற்கான விடை, 'ஏற்கெனவே செலவான பணம்' என்ற ஒரே தலைப்புக்குள் இரு வேறு வகைப் பணம் ஒளிந்திருப்பதில் இருக்கிறது. அணைக்காக ஆணையம் ஏறத்தாழ 38,000 ஏக்கர் நிலத்தைக் கையகப்படுத்தியிருந்தது. அதில் சுமார் 16,500 ஏக்கர் நீரில் மூழ்க வேண்டியது. அந்த நிலத்துக்குக் கொடுத்த விலை போனது போனதுதான். ஆனால் நிலம் போகவில்லை. மதகை அடைக்காவிட்டால் அது நல்ல வண்டல் வயலாகவே இருக்கும், விற்கலாம், உழலாம். மதகை அடைத்த நாளில்தான் அந்த மதிப்பு அழிகிறது. எனவே இன்றைய நில மதிப்பு மீதிச் செலவில் சேர்ந்தே தீர வேண்டும், யாருக்கும் புதிதாகக் காசோலை எழுதத் தேவையில்லை என்றாலும்கூட. பாதியில் நிற்கும் எந்தத் திட்டத்திலும் வாங்கிய நிலம், பிரித்து விற்கக்கூடிய இயந்திரம், வேறு பணிக்கு அனுப்பக்கூடிய ஆட்கள் ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை. இவற்றை மறந்தால் முடிக்கும் பக்கம் எப்போதும் பொய்யாக மலிவாகத் தெரியும்.

டெலிகோவின் எண்களைப் போலவே அமைந்த, ஆனால் விளக்கத்துக்காக மட்டும் நான் வைத்துக்கொண்ட ஒரு கணக்கைப் பார்ப்போம். முடிக்க இன்னும் 3 கோடி டாலர் வேண்டும். முடிந்தால் பராமரிப்புச் செலவு போக ஆண்டுக்கு 45 லட்சம் டாலர் பலன், 50 ஆண்டுகளுக்கு. பின்னாளில் வரும் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைத்துக் கணக்கிடும் ஆண்டு விகிதமே தள்ளுபடி விகிதம். அது 7 விழுக்காடு என்றால், ஆண்டுக்கு ஒரு டாலர் வீதம் 50 ஆண்டுகள் வருவதன் இன்றைய மதிப்பு சுமார் 13.8 டாலர், ஆகவே பலனின் நிகழ்கால மதிப்பு சுமார் 6.2 கோடி. 3 கோடி போட்டால் 6.2 கோடி என்பதால் 'முடி' என்றே எவரும் சொல்வார்கள். இப்போது நிறுத்தினால் நிலத்தை 4 கோடிக்கு விற்கலாம் என்ற தகவலைச் சேர்த்தால், முடிப்பதன் உண்மையான மீதிச் செலவு 7 கோடி. விடை தலைகீழாகி 80 லட்சம் நட்டம் வருகிறது. இதுவரை செலவானது 1 கோடியா, 10 கோடியா என்பது இந்தக் கணக்கில் எங்கும் வரவில்லை.

அதே கணக்கில் விகிதத்தை 5 விழுக்காடாகக் குறைத்தால் பலன் 8.2 கோடியாக உயர்ந்து, முடிப்பதே மேல் என்றாகிவிடும். அணை போன்ற நீண்ட ஆயுள் கொண்ட திட்டங்களில் தள்ளுபடி விகிதம்தான் பாதிச் சண்டை. எனவே ஒரே விகிதத்தில் விடை சொல்பவரை நான் நம்புவதில்லை, எந்த விகிதத்தில் விடை மாறுகிறது என்று காட்டுபவரையே நம்புவேன். தாமதமும் இப்படித்தான். 7 விழுக்காட்டில் பலன் மூன்றாண்டுகள் தள்ளிப்போனால், செலவில் ஒரு காசுகூட ஏறாமலே 6.2 கோடி சுமார் 5.1 கோடியாகச் சுருங்கிவிடும்.

பலன் பக்கத்தையும் துருவ வேண்டும். டெலிகோ அணைக்குச் சொந்த மின்னாக்கி கிடையாது. ஒரு கால்வாய் வழியே பக்கத்து ஃபோர்ட் லவுடன் அணைக்கு நீரைத் திருப்பி அங்குள்ள மின்னாக்கிகளைக் கூடுதலாகச் சுழற்றுவதே திட்டம், கிடைப்பது சுமார் 23 மெகாவாட். எனவே பலனுக்கு ஏரிப் பொழுதுபோக்கையும் கரையோர வளர்ச்சியையும் பெரிதும் நம்ப வேண்டியிருந்தது. போயிங் நிறுவனத்துடன் சேர்ந்து கரையில் டிம்பர்லேக் என்ற புது நகரம் எழுப்பும் திட்டமும் இருந்தது. 1975-இல் போயிங் விலகியது. சுற்றுவட்டாரத்தில் ஏற்கெனவே பல நீர்த்தேக்கங்கள் இருக்கும்போது, இன்னொரு ஏரிக்கு வருபவர் வேறோர் ஏரியைவிட்டு வருபவராக இருந்தால் அவர் புதிய பலன் அல்லர். மறுபக்கம், அப்பகுதியில் அணையின்றி ஓடிய ஆற்றுப் பகுதிகள் அரிதாகிவிட்டதால், படகும் தூண்டிலும் தேடி வருவோருக்கு இந்த ஆற்றுக்கு மாற்று எளிதில் கிடைக்காது. செரோக்கி மக்களின் பழைய ஊர்களான சோட்டாவும் தனாசியும் இருந்த மண்ணின் மதிப்பு டாலரில் ஏறவே இல்லை. ஆற்றை விடுவிக்கும் வழிக்கும் மண்கரையை வெட்டித் திறப்பது போன்ற செலவுகள் உண்டு என்பதையும் நியாயமாகச் சேர்க்க வேண்டும்.

அதிபரின் பொருளாதார ஆலோசனைக் குழுத் தலைவராக இருந்து இக்குழுவில் அமர்ந்த சார்லஸ் ஷுல்ட்ஸி, 95 விழுக்காடு முடிந்த திட்டம் எஞ்சிய செலவுக்கே ஈடாகவில்லை என்றால் அது மூல வடிவமைப்பைப் பற்றியே ஏதோ சொல்கிறது என்ற பொருள்படக் குறிப்பிட்டார். அதே நாளில் அதே குழு வயோமிங்கின் கிரேராக்ஸ் அணைக்கு நிபந்தனைகளோடு விலக்கு அளித்தது. ஆகவே அணை என்றாலே எதிர்த்தார்கள் என்று சொல்ல இயலாது.

ஆனாலும் அணை முடிக்கப்பட்டது. செலவு ஒதுக்கீட்டு மசோதாவில் டெலிகோவுக்கு விலக்களிக்கும் பிரிவு சொருகப்பட்டு, 1979 செப்டம்பரில் அதிபர் கார்ட்டர் அதில் கையெழுத்திட்டார். நவம்பர் 29 அன்று மதகு அடைக்கப்பட்டது. பின்னாளில் ஏரிக்கரையில் ஓய்வுபெற்றோருக்கான டெலிகோ வில்லேஜ் உருவானதைக் காட்டி, குழுவின் கணக்கு பொய்த்துவிட்டது என்பவர்கள் உண்டு. அப்படிச் சொல்ல, மனைகள் என்ன விலைக்குப் போயின என்பது மட்டும் போதாது. மூழ்கிய வயல்களும் ஆறும் அதே ஆண்டுகளில் தந்திருக்கக்கூடியதைக் கழித்து, வேறோர் ஏரிக்கரையில் எப்படியும் வீடு வாங்கியிருப்பவர்களை நீக்கி, எஞ்சியதை 1979-க்குத் தள்ளுபடி செய்த பிறகே அந்த ஆண்டின் 7 லட்சம் டாலர் பற்றாக்குறையோடு அதை ஒப்பிட முடியும்.