ஒரே தாள், இரண்டு எண்கள்: 4.2-ஐ நம்புவதா, 20-ஐ நம்புவதா?

சுங்கை சிப்புட்டில் சனிக்கிழமை வீட்டுக்குப் போனால், பையைக் கீழே வைக்கும் முன்பே யாராவது ஒரு மருத்துவத் தாளோடு வந்து நிற்பார்கள். ஈப்போவில் வயிறு, உணவுக்குழாய் பரிசோதனைகள் செய்யும் அறையில் எனக்கு வேலை. போன மாதம் வந்தது பெரியம்மா. ஒரு காலத்தில் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். தோட்டம் செம்பனைக்கு மாறிய பிறகு டவுனில் ஒட்டுக்கடை போட்டு, இரவு பத்தரை வரை தோசை சுடுகிறார்.

"தம்பி, ஒரு நம்பர் நோய் இருக்குங்குது, இன்னொண்ணு தெரியலங்குது. எதைய்யா நம்புறது?"

வயிற்று அமிலம் உணவுக்குழாய்க்குள் ஏறுகிறதா என்று மூக்கு வழியாகக் குழாய் விட்டு 24 மணி நேரம் அளந்த தாள் அது. அதில் இரண்டு வரிகள். அமிலம் பட்ட நேரம் 4.2 சதவீதம். அதற்குக் கீழே டிமீஸ்டர் மதிப்பெண் 20.5, பக்கத்தில் சிவப்பு எழுத்தில் 'இயல்புக்கு மாறானது'. சிவப்பில் இருப்பதால் பெரியம்மாவின் மகன் அதையே நம்பிவிட்டான். அறுவை சிகிச்சைக்கு எவ்வளவு ஆகும் என்று விசாரிக்கவும் ஆரம்பித்திருந்தான்.

எண்களுக்கு முன்னால், இந்தப் பரிசோதனை யாருக்கு என்று பார்த்துவிடலாம். நம் ஊரில் வயிற்றில் எது வந்தாலும் 'கேஸ்ட்ரிக்' என்ற ஒரே பெயர்தான். ஆனால் நெஞ்செரிச்சலும் புளித்த எதுக்களிப்பும் உள்ளவர், ஒமெப்ரசோல் வகை மாத்திரையில் நன்றாகத் தேறிவிட்டால் 24 மணி நேரக் குழாய் தேவையே இல்லை. எண்டோஸ்கோப்பியில் உணவுக்குழாயில் கடுமையான புண் தெரிந்தாலும் தேவையில்லை, சாட்சி கண்ணெதிரே இருக்கிறது. எண்டோஸ்கோப்பி சுத்தமாக இருந்தும் மாத்திரை கேட்காதவருக்கும், எதுக்களிப்புக்காக அறுவை சிகிச்சை செய்யப் போகிறவருக்கும்தான் இதை எழுதுகிறார்கள். இதயம் காரணமில்லை என்று உறுதியான பிறகும் தொடரும் நெஞ்சுவலிக்கும், காரணம் பிடிபடாத நாள்பட்ட இருமலுக்கும் சில சமயம் எழுதுவார்கள். பெரியம்மா முதல் வகை: எண்டோஸ்கோப்பியில் ஒன்றுமில்லை, மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டும் எரிச்சல் நிற்கவில்லை.

நோய் இருக்கிறதா என்பதே கேள்வியாக இருந்தால், மாத்திரையைக் குறைந்தது ஏழு நாள் நிறுத்திவிட்டுத்தான் அளக்க வேண்டும். நோய் ஏற்கெனவே நிரூபணமாகி, மருந்து ஏன் போதவில்லை என்று பார்ப்பதானால் மாத்திரையோடு அளப்பார்கள். இரண்டையும் மாற்றிச் செய்தால் கிடைக்கும் எண்ணுக்கு அர்த்தமில்லை. பெரியம்மா மருத்துவர் சொல்லி ஏழு நாள் நிறுத்தியிருந்தார். அதுவரை சரி.

பரிசோதனை இப்படி நடக்கும். முதலில் உணவுக்குழாயின் அழுத்தத்தை அளக்கும் மேனோமெட்ரி செய்து, உணவுக்குழாய் வயிற்றோடு சேரும் இடத்தில் இருக்கும் சுருக்குத்தசையின் மேல் விளிம்பு எங்கே என்று கண்டுபிடிப்போம். அதிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் மேலே உணர்கருவி நிற்கும்படி மூக்கு வழியாக மெல்லிய குழாயை இறக்கி, கன்னத்தில் பிளாஸ்டர் ஒட்டுவோம். இடுப்பில் ஒரு பதிவுப்பெட்டி. சாப்பிடும்போது ஒரு பொத்தான், படுக்கும்போது ஒன்று, எரிச்சல் வந்தால் ஒன்று. பிஎச் என்பது புளிப்பின் அளவு, எண் குறையக் குறைய அமிலம் கூடுதல். அது 4-க்குக் கீழே இறங்கும் ஒவ்வொரு நொடியும் அமில நேரமாகக் கணக்கில் ஏறும்.

சாப்பாட்டுப் பொத்தானை லேசாக நினைக்கக் கூடாது. அசாம்போய் போட்ட எலுமிச்சைத் தண்ணீர் குடித்தால் அந்தப் புளிப்பும் 4-க்குக் கீழேதான். பொத்தானை அழுத்தியிருந்தால் அந்த நேரத்தைக் கழித்துவிடலாம். மறந்தால், குடித்த தண்ணீரெல்லாம் வயிற்றிலிருந்து எதுக்களித்ததாகப் பதிவாகும்.

பெரியம்மாவுக்குக் குழாய் 25 மணி நேரம் இருந்தது. சாப்பாட்டு நேரம் கழிந்து கணக்குக்கு வந்தது சரியாக 24 மணி நேரம்: நிமிர்ந்து இருந்தது 16, படுத்திருந்தது 8. நிமிர்ந்திருந்தபோது 22 நிமிடமும் படுத்திருந்தபோது 38 நிமிடமும் அமிலம் பட்டிருக்கிறது. மொத்தம் 1440 நிமிடத்தில் 60. அதுதான் 4.2 சதவீதம்.

இந்தச் சதவீதத்தை இப்போது பெரும்பாலும் லியோன் ஒருமித்த கருத்து என்ற வல்லுநர் உடன்பாட்டின்படி படிக்கிறார்கள். 2018-இல் வந்தது, பின்னர் புதுப்பித்தபோதும் கோடுகள் மாறவில்லை. 4-க்குக் கீழே இயல்பு. 6-க்கு மேலே நோய் உறுதி. நடுவில் இருந்தால் முடிவு சொல்ல முடியாது, வேறு சாட்சி வேண்டும். பெரியம்மாவின் 4.2 அந்த நடுப்பகுதியில், இயல்பின் வாசலை ஒட்டி நிற்கிறது.

டிமீஸ்டர் மதிப்பெண் பழைய ஆள். 1974-இல் ஜான்சனும் டிமீஸ்டரும் உருவாக்கியது. அது ஒன்றை மட்டும் பார்ப்பதில்லை, ஆறைப் பார்க்கிறது: மொத்த அமில நேரம், நிமிர்ந்திருந்தபோது எவ்வளவு, படுத்திருந்தபோது எவ்வளவு, எத்தனை முறை, ஐந்து நிமிடத்தைத் தாண்டியவை எத்தனை, எல்லாவற்றிலும் நீளமானது எவ்வளவு நேரம். ஒவ்வொன்றையும் நோயில்லாதவர்களின் சராசரியோடும், அவர்களுக்குள் இருக்கும் ஏற்ற இறக்கத்தோடும் ஒப்பிட்டுப் புள்ளி போட்டுக் கூட்டுவார்கள். 14.72-ஐத் தாண்டினால் இயல்பு இல்லை.

சிக்கல் அந்தக் கூட்டலில்தான். நோயில்லாதவருக்குப் படுத்திருக்கும்போது அமிலம் ஏறுவது அபூர்வம். ஆளுக்கு ஆள் வித்தியாசமும் மிகக் கொஞ்சம். அதனால் படுத்திருக்கும் நேரத்தில் சற்றுக் கூடினாலும் புள்ளிகள் எகிறும். பெரியம்மாவின் 20.5-இல் எட்டுக்கு மேல் அந்த ஒரே தலைப்பில் வந்தது. இன்னொரு நாலு, நீளமான சம்பவத்துக்கு. பதிவைத் திறந்து பார்த்தேன். இரண்டுமே ஒரே சம்பவம்: நள்ளிரவு தாண்டி 31 நிமிடம் நீடித்த ஒற்றை எதுக்களிப்பு. அது மொத்த நேரத்திலும் எண்ணப்படுகிறது, படுத்த நேரத்திலும் எண்ணப்படுகிறது, ஐந்து நிமிடம் தாண்டியதிலும், நீளமானதிலும் எண்ணப்படுகிறது. ஒரு திருட்டுக்கு நாலு கேஸ் போட்ட மாதிரி. அந்த ஒன்றை எடுத்துவிட்டுக் கணக்குப் போட்டால் டிமீஸ்டர் எட்டரைக்கு வந்துவிடுகிறது, சதவீதம் 2.0 ஆகிறது.

அப்படியானால் அந்த 31 நிமிடம் உண்மையா? இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும், ஆனால் அச்சிட்ட தாளில் தெரியாது. கோட்டை விரித்துப் பார்க்க வேண்டும். குழாய் நழுவி வயிற்றுக்குள் போயிருந்தால் பிஎச் சட்டென்று ஒன்று ஒன்றரைக்கு இறங்கி, தரையில் படுத்த பாம்பு மாதிரி அப்படியே தட்டையாகக் கிடக்கும். நிஜ எதுக்களிப்பில் சட்டென்று இறங்கும், பிறகு எச்சில் விழுங்க விழுங்கப் படிப்படியாக ஏறும். தூக்கத்தில் எச்சில் சுரப்பதும் விழுங்குவதும் குறைவு, அதனால்தான் இரவுச் சம்பவங்கள் நீள்கின்றன. பெரியம்மாவின் கோடு 2.1 வரை இறங்கி, சரியான படிக்கட்டாக ஏறியிருந்தது. உண்மைதான்.

ஆனால் எப்படிப்பட்ட இரவு அது? கேட்டேன். குழாய் உறுத்துகிறது என்று பகல் முழுவதும் வெறும் கஞ்சி. கடை இல்லை. இரவு பசி தாங்காமல் பதினொரு மணிக்குச் சோறும் சம்பலும் சாப்பிட்டு, அரைமணி நேரத்தில் படுத்திருக்கிறார். பகல் அவருடைய வழக்கமான பகல் இல்லை. இரவு மட்டும் அவருடைய வழக்கமான இரவு.

என் கருத்தைக் கேட்டால், டிமீஸ்டர் பொய் சொல்லவில்லை. 'இந்த ஆளுக்குப் பிரச்சினை படுக்கையில்' என்று அது காட்டியது நல்ல தகவல். வெறும் சதவீதத்தில் அது தெரிந்திருக்காது. ஆனால் ஆமா, இல்லை என்று தீர்ப்பு சொல்ல ஒற்றை இரவின் ஒற்றைச் சம்பவத்தில் தொங்கும் எண்ணை நான் எடுக்க மாட்டேன், அதுவும் அறுவை சிகிச்சை வரை பேச்சு போகும்போது. தீர்ப்புக்குச் சதவீதம், குறிப்புக்கு டிமீஸ்டர். சிவப்பு எழுத்தை நிரல் தானாகப் போடுகிறது. யாரும் யோசித்துப் போட்டதில்லை.

அறிகுறிப் பொத்தானும் கைகொடுக்கவில்லை. இரண்டே முறை அழுத்தியிருந்தார். எதுக்களித்து இரண்டு நிமிடத்துக்குள் அழுத்தியது ஒன்று. சரிபாதி, அதாவது பொருந்துகிறது. ஆனால் தற்செயலாகவும் இப்படிப் பொருந்தலாமா என்று பார்க்கும் நிகழ்தகவுக் கணக்கு 95 சதவீதத்தைத் தாண்டவில்லை. ஆக, இதுவும் இழுபறி.

மூக்குக் குழாய்க்கு எதிரணியில் இருப்பது, அமிலத்தை அளந்து கம்பியில்லாமல் அனுப்பும் சின்னக் குப்பி. எண்டோஸ்கோப்பி செய்யும்போதே உணவுக்குழாயின் சுவரில், வயிற்றுச் சவ்வு தொடங்கும் கோட்டுக்கு ஆறு சென்டிமீட்டர் மேலே பொருத்திவிடுவார்கள். நான்கு நாள் வரை அளக்கும், பிறகு தானாகக் கழன்று மலத்தோடு போய்விடும். மூக்கில் ஒன்றும் இல்லாததால் ஆள் வேலைக்குப் போவார், வழக்கம்போல் சாப்பிடுவார். ஒரு முறைதான் பயன்படும் என்பதால் விலை கூட. சிலருக்கு நெஞ்சில் வலி தரும். ஒரு மாதம் எம்.ஆர்.ஐ. கூடாது. அமிலமில்லாத எதுக்களிப்பையும் பார்க்க வேண்டுமென்றால் மின்தடையை அளக்கும் இம்பீடன்ஸ் வளையங்கள் உள்ள மூக்குக் குழாய்தான் வேண்டும், குப்பியால் முடியாது. ஆனால் நடுப்பகுதியில் மாட்டிக்கொண்ட பெரியம்மாவுக்கு நாள் கூடுவதுதான் முக்கியம்.

மருத்துவரிடம் போகச் சொன்னேன். அவரும் அதையே எழுதினார். நான்கு நாள், மாத்திரை இல்லாமல். முதல் நாள் 3.1, எண்டோஸ்கோப்பி மயக்கத்தில் பாதி நாள் தூங்கியே போனது. இரண்டாம் நாள் கடைக்குப் போனார், 6.8. மூன்றாம் நாள் 7.4. நான்காம் நாள் 5.2. இரண்டு நாளாவது 6-ஐத் தாண்டினால் நோய் உறுதி என்பது குப்பிக்கான கணக்கு. உறுதியாகிவிட்டது. முதல் நாளோடு நிறுத்தியிருந்தால் 'ஒன்றுமில்லை' என்று வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

தாளை மடித்துக்கொண்டே பெரியம்மா கேட்டார்: "அப்ப மாத்திரை ஏன்யா கேக்கல?"

எப்போது சாப்பிடுவீர்கள் என்றேன். முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி, யாரும் கேட்கவில்லை, நானும்தான். "கடையடைச்சு, சோறு தின்னுட்டு, படுக்கறப்ப." ஒமெப்ரசோல் வகை மாத்திரை உணவுக்கு அரைமணி முதல் ஒரு மணி நேரம் முன்பு, வெறும் வயிற்றில் விழ வேண்டும். மூன்று மாதமும் சோற்றுக்கு மேல்தான் விழுந்திருக்கிறது. இப்போது மாலை ஏழு மணிக்குக் கல் சூடாகும் முன்பு மாத்திரை, ஏழே முக்காலுக்குக் கடையிலேயே சாப்பாடு. அறுவை சிகிச்சைப் பேச்சை மகன் தள்ளி வைத்திருக்கிறான். மருத்துவர் எட்டு வாரம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்.