டெமோ ஓடும்போது எந்த ஓவர்லேயை நம்புவது: ஆஃப்டர்பர்னரின் சதவீதமா, பிரசென்ட்மானின் மில்லிநொடியா?

டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் இருக்கும் என் அக்கா மகன், வார இறுதி வேலையில் சேர்த்த பணத்தைப் புதிய கிராபிக்ஸ் கார்டுக்குச் செலவிட முடிவு செய்திருந்தான். வரவிருக்கும் ஒரு திறந்தவெளி விளையாட்டின் டெமோ அவனுடைய கணினியில் தடுமாறியதே காரணம். கணினியில் இருப்பவை ரைசன் 5 3600 செயலி, ஆர்.டி.எக்ஸ். 3060 கார்டு, 1080p திரை. "கார்டு பழசாகிவிட்டது மாமா" என்று அவன் சொன்னபோது, அதை டெமோவே சொல்லட்டும் என்று, விளையாட்டின் மேலேயே அளவுகளைக் காட்டும் இரண்டு ஓவர்லேகளை மாற்றி மாற்றி ஓடவிட்டுப் பார்த்தோம். வேகத்தைத் தடுப்பது கார்டா செயலியா என்ற ஒரே கேள்விக்குத்தான் இரண்டும் விடை தேடுகின்றன. ஆனால் அவை அளப்பது வெவ்வேறு பொருள்களை.

எம்.எஸ்.ஐ. ஆஃப்டர்பர்னரும் அதனுடன் வரும் ரிவாடியூனரும் பலருக்கும் பழக்கமானவை. அமைப்புகளில் Monitoring பகுதிக்குச் சென்று GPU usage, Framerate, Frametime ஆகியவற்றைத் தேர்ந்து, ஒவ்வொன்றுக்கும் Show in On-Screen Display என்பதைக் குறித்துவிட்டால், விளையாட்டின் மூலையில் எண்கள் வந்துவிடும். இதில் பார்க்க வேண்டிய முதல் எண் கார்டின் பயன்பாடுதான். அது 97 அல்லது 98 சதவீதத்தில் நிலைத்து நின்றால் வேகத்தைத் தடுக்கும் எல்லை கார்டே; ஃபிரேம் வரம்பும் வி-சிங்க்கும் அணைந்திருந்தும் அது தெளிவாகக் கீழே இறங்கினால், கார்டு வேலைக்காகக் காத்திருக்கிறது என்று பொருள், அதாவது பெரும்பாலும் செயலிதான் எல்லை.

செயலியின் மொத்தப் பயன்பாட்டை வைத்து முடிவு செய்வதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் பிழை. 3600 செயலி ஒரே நேரத்தில் 12 திரெட்களை, அதாவது 12 வேலைச் சரங்களை, ஓட்டும் என்பதால், விளையாட்டின் முதன்மைத் திரெட் ஒன்று மூச்சுமுட்ட ஓடினாலும் மொத்தக் கணக்கில் அது 8 சதவீதம்தான். அந்தத் திரெட்டை விண்டோஸ் ஒரு கோரிலிருந்து இன்னொரு கோருக்கு மாற்றிக்கொண்டே இருப்பதால், கோர்களைத் தனித்தனியே பார்த்தாலும் எதுவும் 100 சதவீதத்தைத் தொடாமல் போகலாம். எங்கள் டெமோவின் சந்தைத் தெருவில் செயலி 38 சதவீதம் என்று காட்டியபோது, "செயலி சும்மாதானே இருக்கிறது" என்று மருமகன் சொன்னது இதனால்தான். ஆனால் அதே நேரத்தில் கார்டு 62 சதவீதத்தில் நின்றது. ஃபிரேம் எண்ணிக்கை 58.

இன்டெல் வெளியிடும் பிரசென்ட்மான், பெயர் இன்டெல்லுடையதாயினும், என்விடியா, ஏ.எம்.டி. கார்டுகளிலும் வேலை செய்யும் இலவசக் கருவி. 2023-இல் அதில் சேர்ந்த GPU Busy என்ற அளவுதான் இந்த ஒப்பீட்டின் மையம். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் மொத்தம் எவ்வளவு நேரம் ஆனது, அதில் கார்டு எத்தனை மில்லிநொடி உண்மையில் உழைத்தது என்று இரண்டு கோடுகளாக அது காட்டுகிறது. கோடுகள் ஒட்டி ஓடினால் கார்டு எல்லை. இடைவெளி விழுந்தால், அந்த இடைவெளி கார்டு காத்திருந்த நேரம். சந்தைத் தெருவில் ஃபிரேம் நேரம் 17.2, GPU Busy 10.6 என்று வந்தது. டெமோவின் காட்டுப் பகுதியில் 14.0, 13.8. ஆக, காட்டில் கார்டும் சந்தையில் செயலியும் தடுக்கின்றன.

இதுவரை இரண்டு கருவிகளும் ஒன்றையே சொல்கின்றன: 17.2-இல் 10.6 என்பது ஏறக்குறைய அந்த 62 சதவீதம்தான். அவை பிரிந்த இடம் ஊர்வாசல். அங்கே ஃபிரேம் எண்ணிக்கை 73, கார்டுப் பயன்பாடு 90 சதவீதம். சதவீதத்தை மட்டும் பார்ப்பவர் கார்டுதான் காரணம் என்று சொல்லிவிடுவார். ஆனால் கண்ணுக்கு அந்த இடம் துண்டு துண்டாகத் தெரிந்தது. ஆஃப்டர்பர்னர் வழக்கமாக நொடிக்கு ஒருமுறைதான் பயன்பாட்டைப் படிக்கிறது. அந்த ஒரு நொடிக்குள் 70 ஃபிரேம்கள் 12.5 மில்லிநொடிக்கு ஒன்றாக, கார்டை நிரப்பிக்கொண்டு வந்தன. மூன்று ஃபிரேம்கள் மட்டும் தலைக்கு 40 மில்லிநொடி எடுத்தன, அவற்றில் கார்டு உழைத்தது 12 மட்டுமே. சராசரி அந்த மூன்றையும் கரைத்துவிட்டது. பிரசென்ட்மானிலோ ஃபிரேம் நேரக் கோடு மூன்று இடங்களில் எகிற, GPU Busy அசையாமல் கீழேயே ஓடியது. ஊருக்குள் நுழையும்போது புதிய பொருள்களை ஏற்றும் வேலை செயலியின் பக்கம் சிக்குகிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் இல்லை.

ஆஃப்டர்பர்னருக்கும் ஒரு பலம் உண்டு. ரிவாடியூனர் விளையாட்டுக்குள்ளேயே நுழைந்து வரைவதால் முழுத்திரையிலும் எண்கள் நிற்கும். அதே காரணத்தால் ஏமாற்றுத் தடுப்பு உள்ள சில விளையாட்டுகள் அதை மறுக்கக்கூடும். பிரசென்ட்மான் விண்டோஸின் நிகழ்வுப் பதிவுகளைப் படித்துத் தனிச் சாளரத்தில் வரைகிறது. ஆகவே டெமோவை பார்டர்லெஸ் நிலையில் ஓட்டுவது நல்லது. ஸ்டீமின் சொந்த ஓவர்லேயைப் பொறுத்தவரை, எதையும் நிறுவ வேண்டியதில்லை என்பதும், ஃபிரேம் ஜெனரேஷன் இடையிடையே செயற்கையாக உருவாக்கிய ஃபிரேம்களைப் பிரித்துக் காட்டுவதும் அதன் நன்மைகள். இந்தக் கேள்விக்கு அது போதாது.

எந்தக் கருவியானாலும் சில நிலைமைகளில் பொய் சொல்லும். ஃபிரேம் வரம்பு இருந்தால் கார்டு காத்திருப்பது செயலிக்காக அல்ல, வரம்புக்காக. இரண்டு ஓவர்லேகளும் அதைச் செயலியின் குறையாகவே காட்டும். டெமோவின் முதல் ஓட்டத்தில் ஷேடர்கள் தொகுக்கப்படுவதால் அந்த ஓட்டத்தின் எண்களை விட்டுவிட வேண்டும். மடிக்கணினியாயின் சுவர் மின்சாரத்தில்தான் சோதிக்க வேண்டும். மின்வெட்டில் பேட்டரியில் ஓட்டினால் கார்டின் கடிகார வேகம் குறைந்து, செயலி எல்லையாக இருக்கும் இடத்திலும் பயன்பாடு 98 சதவீதமாகத் தெரியும். இதை நாங்கள் இங்கே பலமுறை பார்த்திருக்கிறோம். Core clock வரியையும் திரையில் வைத்திருந்தால் இது உடனே பிடிபடும்.

சந்தேகம் தீர, சந்தைத் தெருவில் ரெசல்யூஷனை 720p ஆகக் குறைத்து அதே வழியில் நடந்தோம்: 59. கார்டின் சுமை இவ்வளவு குறைந்தும் ஒரே ஒரு ஃபிரேம்தான் கூடியது. என் தீர்ப்பு இதுதான்: எங்கே சந்தேகிக்க வேண்டும் என்று அறிய ஆஃப்டர்பர்னர் போதும், பணத்தை எங்கே போடுவது என்பதற்குப் பிரசென்ட்மான் வேண்டும். 10.6 மில்லிநொடி என்பது, செயலி எவ்வளவு வேகமானாலும் இந்தக் கார்டு சந்தையில் 94 ஃபிரேமைத் தாண்டாது என்ற உச்சவரம்பையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது.

மருமகன் கார்டை வாங்கவில்லை. அதே ஏ.எம்.4 மதர்போர்டில் பயாஸைப் புதுப்பித்து, ரைசன் 7 5700எக்ஸ்3டி செயலி ஒன்றைப் பொருத்தினான். டெமோவை அழிக்காமல் வைத்திருந்ததால் அதே வழியில் மறுபடி நடந்தோம்: சந்தையில் ஃபிரேம் நேரம் 11.4, GPU Busy 10.9, எண்ணிக்கை 88. ஊர்வாசலில் எகிறிய ஃபிரேம்கள் 20 மில்லிநொடிக்குள் அடங்கின. காட்டில் 71 இருந்தது 72 ஆயிற்று.