சட்டையின் மஞ்சளும் ஜெர்சியின் வாடையும்: எது எதற்கு எடுபடும்?

வெள்ளைச் சட்டையின் அக்குளில் படியும் மஞ்சளுக்கும், பாலியஸ்டர் ஜெர்சியை விட்டுப் போகாத வாடைக்கும் ஊரில் ஒரே வைத்தியத்தைத்தான் சொல்கிறார்கள்: கொஞ்சம் வினிகர், கொஞ்சம் ஆப்ப சோடா, எதற்கும் மசியாவிட்டால் பிளீச். இரண்டுமே வியர்வையால் வருபவைதான். ஆனால் கறை ஒரு சரக்கு, வாடை வேறு சரக்கு. ஒன்றை இளக்குவது மற்றதைப் பெரும்பாலும் அசைப்பதில்லை.

முதலில் சட்டை. வியர்வைக்குத் தனியாக நிறம் கிடையாது. வியர்வையை அடக்குவதற்காகப் பூசும் பொருள்களில் அலுமினிய உப்பு இருக்கிறது. அது வியர்வையிலுள்ள புரதத்தோடும் உடல் எண்ணெயோடும் சேர்ந்து நூலில் ஒட்டிக்கொள்கிறது. நாளாக நாளாக மஞ்சளாகிறது. சட்டையைத் திருப்பிப் போட்டு அந்த இடத்தை விரலால் மடக்கிப் பாருங்கள். மெழுகு தடவியதுபோல் விறைப்பாக இருந்தால் அது அலுமினியப் படிவு. மஞ்சளாக இருந்தும் துணி மெத்தென்று மடங்கினால், அது காற்றுப்பட்டுப் பழுத்த உடல் எண்ணெய் மட்டுமே. வாசனைக்கு மட்டும் பூசுகிறவர்களின் சட்டையில் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான் இருக்கும். கழுத்துப்பட்டையின் மஞ்சளும் இதே வகை.

இந்த மஞ்சளுக்குக் குளோரின் பிளீச்தான் மிக மோசமான தேர்வு. வெண்மையாக்க வேண்டிய அது, வியர்வைப் புரதத்தோடு சேர்ந்து மஞ்சளை இன்னும் ஆழமாக்கிவிடும். இரும்புச்சத்துள்ள ஆழ்துளைக் கிணற்று நீராக இருந்தால் துருநிறமும் கூடவே ஏறும். நம் அலுவலகச் சட்டைகளில் பல பாலியஸ்டரும் பருத்தியும் கலந்தவை. பிளீச் அவற்றின் பருத்தி நூலைத்தான் அரிக்கிறது. சொட்டு நீலம் கறையை எடுப்பதே இல்லை. மஞ்சளின் மேல் நீலச் சாயலைப் போட்டுக் கண்ணை ஏமாற்றுகிறது. சுத்தமான சட்டைக்கு மெருகேற்ற அது நல்லதுதான். கறைக்கு மேல் போட்டால் அக்குள் சாம்பல் நிறமாகத் தெரியும்.

ஆப்ப சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கொட்டி நுரை பொங்குவதைப் பார்ப்பதில் ஒரு திருப்தி இருக்கலாம். பொங்கி முடிந்ததும் மிஞ்சுவது ஏறக்குறைய உப்புத் தண்ணீர். அமிலமும் போயிற்று, சோடாவும் போயிற்று.

தனித்தனியாக, முறை வைத்துச் செய்தால் கதை வேறு. மளிகைக் கடையில் லெமன் சால்ட் என்று கிடைக்கும் சிட்ரிக் அமிலம் அலுமினியப் படிவை இளக்குகிறது. அதன் பிறகு மஞ்சளை வெளுப்பது சோடியம் பெர்கார்பனேட். ஆக்சிஜன் பிளீச் என்று விற்கப்படும் வெள்ளைத் தூள். வெந்நீரில் அது ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் சலவை சோடாவாகவும் பிரிகிறது. வெள்ளாவியில் உவர்மண் செய்த வேலையை அந்தச் சோடா செய்கிறது, வெளுப்பதைப் பெராக்சைடு பார்த்துக்கொள்கிறது. குளிர்ந்த நீரில் இது மந்தம். பலரும் பயனில்லை என்று தூக்கிப் போடுவது இதனால்தான்.

விறைத்துப் போன ஒரு கலப்புநூல் சட்டையை எடுத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் ஒரு மேசைக்கரண்டி லெமன் சால்ட்டைக் கரைத்து, அக்குள் பகுதியை மட்டும் ஒரு மணி நேரம் ஊறவிடுங்கள். பழைய பல்துலக்கியால் உட்புறத்தை மென்மையாகத் தேய்த்தால் வழவழவென்று ஒரு பசை வரும். அதுதான் இளகும் படிவு. நன்றாக அலசுங்கள். அமிலம் மிச்சமிருந்தால் அடுத்த கட்டத்தில் சோடா வீணாகும். பிறகு நான்கு லிட்டர் நீரில், கை வைக்கச் சுடும் அளவுக்கு, அதாவது 50 முதல் 60 டிகிரி சூட்டில், இரண்டு மேசைக்கரண்டி பெர்கார்பனேட்டைக் கரைத்துச் சட்டையை முழுவதும் அமிழ்த்தி நான்கைந்து மணி நேரம் விடுங்கள். பாத்திரத்தை இறுக மூடக் கூடாது, வாயு வெளியேற வேண்டும். கையுறை போட்டுக்கொள்வது நல்லது. பிறகு வழக்கம்போல் துவைத்து வெயிலில் போடலாம். காய்ந்ததும் வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத்தான் இஸ்திரி. மிச்சமிருக்கும் மஞ்சள் மேல் சூடு பட்டால் அது இன்னும் இறுகிவிடும். கறை மெத்தென்ற வகையானால் லெமன் சால்ட் தேவையில்லை, நேராக இரண்டாம் கட்டத்துக்குப் போகலாம். பட்டு, கம்பளிக்கு இந்த முறை ஆகாது. பிளீச்சிங் பவுடரையோ திரவ பிளீச்சையோ அமிலத்தோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள். நச்சு வாயு கிளம்பும்.

இனி ஜெர்சி. பாலியஸ்டர் தண்ணீரை ஏற்காது, எண்ணெயை விடாது. துவைக்கும் நீர் மேலோடு ஓடிவிடுகிறது. உடல் எண்ணெயும் அதில் கரைந்த நாற்றப் பொருள்களும் நூலிலேயே தங்குகின்றன. பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தினர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், 26 பேர் உடற்பயிற்சியில் அணிந்த சட்டைகளை ஒரு நாளுக்கு மேல் வைத்து முகர்ந்து பார்த்தபோது, பருத்தியைவிடப் பாலியஸ்டர் அதிகமாக நாறியது. மைக்ரோகாக்கஸ் என்ற பாக்டீரியா பாலியஸ்டரில் செழித்து வளர்ந்திருந்தது.

வியர்வை நாற்றத்தில் பெரும்பங்கு கொழுப்பு அமிலங்களுடையது. எனவே வினிகர் இங்கே சரியான ஆயுதம் அல்ல. அமிலத்தின் மேல் அமிலத்தை ஊற்றி என்ன பயன்? சோடா வகைகள் அந்த அமிலங்களை உப்பாக்கிவிடுகின்றன; உப்பு ஆவியாகாது, தண்ணீரில் போய்விடும். ஆப்ப சோடா ஓரளவுக்கு இதைச் செய்யும், ஆனால் எண்ணெயைப் பெயர்க்காது. அதற்கு லைபேஸ், புரோட்டியேஸ் நொதிகள் உள்ள சலவைத் திரவம் வேண்டும். அட்டையில் நொதி அல்லது என்சைம் என்று போட்டிருக்கிறதா பாருங்கள்.

வினிகருக்கும் ஒரு இடம் உண்டு. கடினநீரில் கட்டிச் சோப்பு போட்டுத் துவைக்கும் வீடுகளில், சோப்பும் சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்த பிசுக்கு நூலில் படிந்து நாற்றத்துக்குக் கூரை போட்டுவிடும். அப்படிப்பட்ட ஜெர்சியை ஒரு பங்கு வினிகரும் நான்கு பங்கு நீருமாக அரை மணி நேரம் ஊறவைத்து அலசிவிட்டு ஆரம்பிக்கலாம். கட்டிச் சோப்பையும் அன்றோடு ஜெர்சிக்கு நிறுத்திவிட வேண்டும்.

ஜெர்சியைத் திருப்பி, நொதித் திரவத்தை நீர் சேர்க்காமல் அக்குளில் தடவிக் கால் மணி நேரம் விடுங்கள். பிறகு 40 டிகிரிக்கு மேற்படாத நீரில், அதே பெர்கார்பனேட்டை லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி வீதம் கரைத்து ஒரு மணி நேரம் ஊறவைத்துத் துவையுங்கள். நிறமுள்ள துணியானால் முதலில் உள்மடிப்பில் ஒரு துளி வைத்துச் சாயம் போகிறதா என்று பார்ப்பது அவசியம். 40 டிகிரிக்கு மேல் சூடு வேண்டாம். நீளும் நூல் தளர்ந்துவிடும், அச்சிட்ட எண் உரியும். துணி மென்மையாக்கித் திரவம் ஜெர்சிக்கு எதிரி. அது பூசும் படலம் வியர்வையை உறிஞ்ச விடாது, அழுக்கையும் பிடித்து வைக்கும். வாசனைதான் வரும், வாடை அடியில் இருக்கும்.

காய்ந்த ஜெர்சியை முகர்ந்து ஏமாற வேண்டாம். அக்குளை வெந்நீரால் லேசாக நனைத்து, கைக்குள் அரை நிமிடம் பொத்திவைத்து முகருங்கள். உடுத்திய பத்தாவது நிமிடத்தில் வரப்போகிற வாடை அப்போதே வந்துவிடும். வந்தால் இன்னொரு முறை ஊறவைக்கலாம். அதற்கும் மசியாத ஜெர்சி பெரும்பாலும் ஈரத்தோடு பையில் சுருட்டிக் கிடந்ததாகவே இருக்கும். அதைத் தரை துடைக்க அனுப்பிவிடுவது உத்தமம்.