ஊர் ஒரு பக்கம், ரேட் மறுபக்கம்: இந்தக் குறிப்புக்குச் சந்தா கட்டாதீர்கள்

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கம் ஐபிஎல் காலத்தில் கைக்குக் கை பரவிய ஒரு வட்ஸ்அப் குழுவைப் பற்றிய எச்சரிக்கை இது. மாதச் சந்தா 5,000 ரூபாய். ஆட்டத்துக்குச் சற்று முன்னர் ஒரு ஸ்கிரீன்ஷொட் வரும்: பந்தயம் கட்டியவர்களில் 76 வீதமானோர் பேவரிட் அணியில், ஆனால் ரேட் எதிரணிப் பக்கம் நகர்ந்திருக்கிறது. கீழே ஒரு வரி: "சனம் ஒரு பக்கம், பெரிய காசு மற்றப் பக்கம். நாங்கள் பெரிய காசோடு." இரண்டு மாதக் கணக்காக அவர்கள் காட்டிய தாளில் 60 குறிப்பு, 33 வெற்றி. குறிப்பொன்றுக்கு 1,000 ரூபாய் போட்டிருந்தால் 6,000 ரூபாய் லாபம் என்று எழுதியிருந்தார்கள்.

சந்தா கட்டியவர்கள் தங்கள் துண்டுகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தபோது கணக்கு வேறாக இருந்தது. முதலாவது வித்தியாசம் ரேட்டில். குழுவின் தாள் எல்லா வெற்றிகளையும் 2.00 என்ற ரேட்டில் எழுதுகிறது, அதாவது 1,000 போட்டு வென்றால் போட்ட காசோடு சேர்த்து 2,000 திரும்ப வரும். அது சந்தை திறந்தபோது இருந்த ரேட். செய்தி வந்து சேரும்போது 1.90தான் கிடைத்தது. கிடைத்த ரேட்டில் 33 வெற்றிக்கு 29,700 ரூபாய் லாபம் வரும், 27 தோல்விக்கு 27,000 போகும். 6,000 லாபம் அந்த இடத்திலேயே 2,700 ஆகிவிடுகிறது. இரண்டாவது வித்தியாசம், தாளில் இல்லாத ஐந்து குறிப்புகள். ஐந்தும் தோற்றவை, ஆட்டம் முடிந்ததும் குழுவிலிருந்து அழிக்கப்பட்டவை. அவற்றைச் சேர்த்தால் 65க்கு 33. இப்போது 2,300 ரூபாய் நட்டம். இரண்டு மாதச் சந்தா 10,000ஐயும் போட்டால் 12,300.

65க்கு 33 என்பது நாணயத்தைச் சுண்டினால் வருவது. ஐந்தை மறைத்தது பச்சை மோசடி, அதைப் புரிந்துகொள்ள நிபுணத்துவம் வேண்டாம். ரேட் விஷயம்தான் ஆபத்தானது. நேர்மையான ஒருவர் ஒன்றையும் அழிக்காமல் இதே முறையைச் சொல்லித் தந்தாலும் அந்தக் குழி அங்கேயே இருக்கும்.

இந்த யோசனை அமெரிக்கக் கால்பந்துப் பந்தயத்திலிருந்து வந்தது. அங்கே வெற்றி தோல்விக்கு அல்ல, புள்ளி வித்தியாசத்துக்கே பெரும்பாலும் பந்தயம். அந்த வித்தியாசத்தை 'லைன்' என்பார்கள். கூட்டம் ஒரு அணியில் குவிந்தும் லைன் அதற்கு எதிராக நகர்ந்தால், தகவல் தெரிந்தவர்களின் காசு மறுபக்கம் விழுந்திருக்கிறது என்று ஊகிப்பதுதான் இந்த முறை. ஊகம் முழுப் பிழை அல்ல. ஆனால் அதை வைத்துக் காசு பார்க்கலாம் என்பது வேறு கதை.

ஒரு டி20 ஆட்டத்தை எடுத்துப் பார்ப்போம். காலையில் பேவரிட் 1.80, எதிரணி 2.00. ஒன்றை ஒவ்வொரு ரேட்டாலும் வகுத்துக் கூட்டினால் 55.6 உம் 50 உம் சேர்ந்து 105.6 வீதம் வரும். நூறுக்கு மேலே உள்ள 5.6தான் புக்கியின் பங்கு. பகலில் யாரோ விபரம் தெரிந்தவர் எதிரணியில் பெரிய தொகை போடுகிறார். ஆட்டம் தொடங்கும்போது இரண்டு பக்கமும் 1.90. கூட்டம் இன்னும் பேவரிட்டில்தான். குழுவின் செய்தி இப்போதுதான் வருகிறது: "எதிரணியில் போடு."

கடைசி ரேட் இரண்டு பக்கமும் சமம் என்றால், சந்தையின் கணிப்பில் இருவருக்கும் பாதிப் பாதி வாய்ப்பு. புக்கியின் பங்கை எடுத்துவிட்டால் நியாயமான ரேட் 2.00. காலையில் 2.00க்குப் போட்டவர் சரிக்குச் சரி நிற்கிறார், அவ்வளவுதான். 1.90க்குப் போடுகிறவர் நூறு தடவை 1,000 ரூபாய் போட்டால், ஐம்பது வென்று 95,000 திரும்ப வரும். 5,000 போய்விடும். உள்ளூர் புக்கியிடம் 1.85தான் தருகிறார்கள் என்றால் 7,500 போகும். ரேட்டை நகர்த்தியவரின் அறிவு அந்த நகர்விலேயே செலவாகிவிட்டது. பின்னால் வருகிறவர் பஸ் போன பிறகு ஹோல்டில் நின்று கை காட்டுகிறவர்.

அடுத்தது அந்த ஸ்கிரீன்ஷொட். அதைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். குழுவின் செய்திகள் பல இரவு 7.05க்கும் 7.10க்கும் இடையில் வந்தவை. ஐபிஎல் இரவு ஆட்டத்துக்கு டொஸ் 7 மணி, முதல் பந்து 7.30. அந்த 76 வீதம் முந்தைய நாளிலிருந்து சேர்ந்து வந்த பந்தயங்களின் கூட்டுத்தொகை. ரேட்டோ டொஸ் விழுந்து, இறுதிப் பதினொருவர் தெரிந்த பிறகு உள்ளது. பனி விழும் மைதானத்தில் எதிரணி டொஸ் வென்று களத்தடுப்பைத் தெரிவு செய்தால், அல்லது பேவரிட்டின் முக்கிய பந்துவீச்சாளர் அணியில் இல்லையென்றால், ரேட் உடனே எதிரணிப் பக்கம் நகரும். ஏற்கெனவே போட்ட பந்தயங்கள் அப்படியே நிற்கும். நேற்றைய கூட்டத்தையும் இன்றைய ரேட்டையும் ஒரே படத்தில் ஒட்டினால் 'எதிர்நகர்வு' போலத் தெரியும். அங்கே மறைமுகமான பெரிய காசு எதுவும் இல்லை, எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்த டொஸ்தான் இருக்கிறது. குழு அனுப்பிய படங்களில் மேல் ஓரத்து மணிக்கூடு வெட்டப்பட்டிருந்தது. நேரம் இல்லாத படத்தை ஆதாரமாக எடுக்கவே கூடாது.

எதன் வீதம் என்பதும் சொல்லப்படவில்லை. பந்தயத் துண்டுகளின் எண்ணிக்கை வேறு, காசின் அளவு வேறு. பேவரிட்டில் 800 பேர் ஆளுக்கு 500 ரூபாய் போட்டால் 400,000. எதிரணியில் 195 பேர் 500 ரூபாய்ப்படியும் ஐந்து பேர் ஆளுக்கு ஒரு லட்சமும் போட்டால் 597,500. துண்டுக் கணக்கில் 80 வீதம் பேவரிட்டில். காசுக் கணக்கில் 60 வீதம் எதிரணியில். புக்கி காசைப் பார்த்து ரேட்டை மாற்றினால் அதில் எதிர்நகர்வு என்று எதுவுமே இல்லை, காசு போன பக்கமே ரேட்டும் போயிருக்கிறது. எந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர்களின் வீதம் என்பதும் முக்கியம். வெளிநாட்டுத் தளம் ஒன்று தன் வாடிக்கையாளர்களைப் பற்றிச் சொல்லும் எண், கொழும்பில் உங்கள் புக்கி தரும் ரேட்டைப் பற்றி ஒன்றும் சொல்லாது. பந்தயம் கட்டுபவர்களே ஒருவருக்கொருவர் எதிராக நிற்கும் எக்ஸ்சேஞ்ச் தளம் என்றால் 'எத்தனை வீதம் காசு எந்தப் பக்கம்' என்ற கேள்விக்கே பொருளில்லை. அங்கே ஒரு அணி வெல்லும் என்று பொருந்திய ஒவ்வொரு பந்தயத்துக்கும் எதிராக, அது வெல்லாது என்று ஒருவர் நிற்கிறார்.

அப்படியானால் கூட்டத்துக்கு எதிராகப் போடுவதில் ஒன்றுமே இல்லையா? கொஞ்சம் இருக்கிறது. புக்கிகள் இரு பக்கக் காசையும் எப்போதும் சமப்படுத்துகிறார்கள் என்று பலர் நம்புகிறார்கள். பொருளியலாளர் ஸ்டீவன் லெவிட் 2004இல் அமெரிக்கக் கால்பந்துப் பந்தயத் தரவுகளைப் பார்த்து அது அப்படியல்ல என்று காட்டினார். கூட்டம் எந்தப் பக்கம் சாயும் என்று புக்கிக்கு முன்கூட்டியே தெரியும், அந்தப் பக்கத்தின் விலையைச் சற்றுக் கூட்டி, அதாவது ரேட்டைக் குறைத்து வைப்பார். ஆகவே இரசிகர்கள் பெருந்தொகையாக உள்ள அணிக்கு எதிரான பக்கம் சில வேளை கொஞ்சம் மலிவாக இருக்கலாம். ஆனால் அந்தச் சலுகை புக்கியின் பங்கைத் தாண்ட வேண்டும். ஐந்து வீதம் கொடுத்துவிட்டு ஒன்றிரண்டு வீதம் மலிவாக வாங்கினால் கையில் மிஞ்சுவது நட்டம். இன்னொன்றையும் கவனியுங்கள்: இந்த மலிவு கிடைப்பது கூட்டத்தின் காசு ரேட்டைத் தன் பக்கம் இழுத்த ஆட்டங்களில். எதிர்நகர்வு ஆட்டங்களிலோ ரேட் ஏற்கெனவே உங்களுக்கு எதிராக நகர்ந்துவிட்டது. குழு விற்றது இரண்டையும் ஒன்றாகக் குழப்பிய சரக்கு.

"60க்கு 33 வென்றோமே" என்பார்கள். நாணயத்தை 60 தடவை சுண்டினால் 33 அல்லது அதற்கு மேல் தலை விழுவது ஏறக்குறைய நாலில் ஒரு முறை நடக்கும். 1.90 ரேட்டில் நட்டமில்லாமல் நிற்கவே 52.6 வீதம் வெல்ல வேண்டும். ஒருவர் உண்மையிலேயே 55 வீதம் வெல்கிறவரா, அதிர்ஷ்டமா என்று ஓரளவு நம்பிக்கையோடு பிரித்தறிய 1,700க்கு மேற்பட்ட குறிப்புகள் வேண்டும். இரண்டு மாதத்துக்கு 60 என்றால் ஐந்து வருடத்துக்குச் சற்றுக் குறைவு.

அவ்வளவு காலம் காத்திருக்காமல் சோதிக்க ஒரு வழி உண்டு. காசு போடாமல், ஒரு கொப்பியில் ஒவ்வொரு குறிப்புக்கும் மூன்று ரேட்டை எழுதுங்கள்: செய்தி வந்த நிமிடத்தில் குழு சொன்னது, அதே நிமிடத்தில் உங்கள் புக்கி உண்மையில் தந்தது, முதல் பந்துக்கு முன் இரு பக்கத்தினதும் கடைசி ரேட். கடைசி ரேட்டுகளிலிருந்து மேலே சொன்னபடி புக்கியின் பங்கைக் கழியுங்கள். உதாரணமாக 1.75 உம் 2.05 உம் என்றால் 57.1 உம் 48.8 உம், மொத்தம் 105.9. எதிரணியின் 48.8ஐ 105.9ஆல் வகுத்தால் 46.1 வீதம், நியாயமான ரேட் சுமார் 2.17. உங்களுக்குக் கிடைத்தது அதற்கு மேல் இருந்தால் மட்டுமே குறிப்பில் ஏதோ இருக்கிறது. முப்பது, நாற்பது குறிப்புகளில் பெரும்பாலானவை அதற்குக் கீழே இருந்தால், வென்றது எத்தனை, தோற்றது எத்தனை என்று பார்க்கத் தேவையே இல்லை. அந்தக் குழுவின் குறிப்புகளில் சந்தாக்காரர்கள் கடைசி ரேட்டையும் குறித்து வைத்திருந்தவை 22. நியாயமான ரேட்டுக்கு மேலே கிடைத்தது இரண்டில் மட்டும்.

ஏற்கெனவே காசு கட்டியவர்கள் குழுவை விட்டு வெளியேற முன்னர் உரையாடலை ஏற்றுமதி செய்து வைத்திருங்கள், அழிக்கப்பட்ட செய்திகள் இருந்த இடமும் நேரமும் அதில் தெரியும். குறிப்பு வரும் ஒவ்வொரு முறையும் உடனேயே படம் எடுங்கள், ஆட்டம் முடிந்த பிறகு எடுத்தால் தோற்றவை இருக்காது. சந்தா ஒரு தனி நபரின் வங்கிக் கணக்குக்குத்தான் போயிருக்கிறது, அந்த வைப்புத் துண்டையும் வைத்திருங்கள். முறைப்பாடு எழுதும்போது "குறிப்பு தோற்றது" என்று எழுதாதீர்கள், அதை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். அழிக்கப்பட்ட ஐந்து செய்திகளையும், அவை இல்லாமல் வெளியான கணக்குத் தாளையும் பக்கத்துப் பக்கத்தில் வையுங்கள்.