மின்சாரம் வந்துவிட்டது, இணையம் வரவில்லை: உள்வலையமைப்புக்கு எந்த நேர வழங்கி?

திருகோணமலையில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து விடுதிகளுக்கு மே முதல் செப்டம்பர் வரை சீசன். நவம்பரில் வாடைமழை பிடித்ததும் பல விடுதிகள் மெயின் சுவிட்சையே அணைத்துப் பூட்டிவிடும். மழைக்காலம் முடிந்து திறக்கும்போது ரவுட்டர், கேமரா, பதிவுக் கருவி எல்லாம் ஒரே நேரத்தில் விழிக்கும். விழிக்கிற கருவிகளில் பெரும்பாலானவற்றுக்கு அன்றைய தேதி தெரியாது. உள்ளுக்குள் ஒரு என்டிபி வழங்கியை வைத்து எல்லாக் கருவிகளுக்கும் நேரம் கொடுப்பது என்று முடிவெடுத்தால் மூன்று வழிகள் உண்டு: ரவுட்டரையே வழங்கியாக்குவது, ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியில் ஒரு கடிகாரச் சில்லைப் பொருத்துவது, ஜிபிஎஸ் வாங்கியை இணைப்பது. இவற்றை எது துல்லியம் என்று அளப்பது வழக்கம். தொடக்கத் தேதிக்கும் முடிவுத் தேதிக்கும் இடையில் மட்டுமே செல்லும் https சான்றிதழ்களுக்காக என்றால் நான் அப்படி அளக்க மாட்டேன். சான்றிதழுக்கு ஒரு நிமிடம் முன்பின் ஆனாலும் பெரும்பாலும் பாதகமில்லை; நாள் தவறினால்தான் கதை முடிந்தது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இணையம் வருவதற்கு முன்பே அந்தப் பெட்டிக்கு இன்றைய தேதி தெரியுமா?

ரவுட்டர் வழி செலவில்லாதது. ஓப்பன்டபிள்யூஆர்டி ஓடும் ரவுட்டரில் ஓர் அமைப்பை மாற்றினால் போதும், மைக்ரோடிக்கிலும் அப்படித்தான். ஆனால் சாதாரண வீட்டு ரவுட்டரில் பேட்டரியுடன் கூடிய கடிகாரம் இருப்பதில்லை. ஓப்பன்டபிள்யூஆர்டி விழித்ததும், தன் அமைப்புக் கோப்புகளில் கடைசியாக மாற்றப்பட்டது எதுவோ அதன் தேதியை எடுத்துக்கொண்டு அங்கிருந்து எண்ணத் தொடங்கும். இணையம் கிடைத்தவுடன் சரியாகிவிடும். வீட்டில் இரண்டு கைபேசி, ஒரு மடிக்கணினி மட்டும் என்றால் இதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

சிக்கல் பிடிப்பது, அதே வலையமைப்பில், தளப் பெயருக்கு ஐபி முகவரியைக் கண்டுபிடிக்கும் பெயர்த் தேடலையும் நாமே நடத்தும்போது. விளம்பரங்களைத் தடுக்க ராஸ்பெர்ரி பையில் அன்பவுண்ட் என்ற பெயர்த் தேடல் மென்பொருள் ஓடும் ஒரு விடுதியை எடுத்துக்கொள்வோம். பை 4 வரையிலான பலகைகளில் கடிகாரச் சில்லு கிடையாது. அணைக்கும்போது நேரத்தை ஒரு கோப்பில் எழுதிவைத்து, அடுத்த முறை அங்கிருந்தே தொடரும். நவம்பர் முதல் வாரத்தில் அணைத்த பை, ஜனவரிக் கடைசியில் விழித்தாலும் நவம்பர் என்றே நினைக்கிறது. இப்போது இணையமும் வந்துவிட்டது. பை நேரம் கேட்க `asia.pool.ntp.org` என்ற பெயரைத் தேடுகிறது. பதில் போலியல்ல என்று காட்டும் டிஎன்எஸ்செக் கையொப்பங்களை அன்பவுண்ட் சரிபார்க்கிறது. அந்தக் கையொப்பங்களுக்கும் சான்றிதழைப் போலவே தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. ஜனவரியில் இட்ட கையொப்பம் நவம்பர்க் கடிகாரத்துக்கு எதிர்காலத்தில் கிடக்கிறது. எனவே பதில் நிராகரிக்கப்படுகிறது. பெயர் கிடைக்காததால் நேரம் கிடைக்கவில்லை, நேரம் கிடைக்காததால் பெயரும் கிடைக்கவில்லை.

விடுதிக்காரர் அழைப்பார்: “தம்பி, ரவுட்டரில் பச்சை விளக்கு எரிகிறது, ஒரு பக்கமும் திறக்கவில்லையே!” அவருடைய கைபேசியில் நேரம் சரியாகவே இருக்கும், அதனால் யாருக்கும் கடிகாரத்தின்மேல் சந்தேகம் வராது. பையில் `date` என்று அடித்தால் நவம்பர் தெரியும். அன்பவுண்டின் பதிவேட்டில் `signature before inception date` என்ற வரி இருந்தால் சந்தேகமே வேண்டாம். ஒரு நேர வழங்கியைப் பெயரால் குறிக்காமல் ஐபி முகவரியால் எழுதிவைத்தால் இந்த முடிச்சு அவிழும். ஆனால் அந்த முகவரி என்றைக்காவது மாறினால் பழைய நிலைதான்.

டிஎஸ்3231 சில்லு இந்த முடிச்சு விழாமலே பார்த்துக்கொள்கிறது. நாணய அளவு பேட்டரியில் ஓடும் இது, வெப்பநிலைக்கு ஏற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும். 0 முதல் 40 பாகை வரை பிழை பத்து இலட்சத்துக்கு 2 பங்குக்குள் நிற்கும். மூன்று மாதம் பூட்டிக் கிடந்தாலும் அதிகபட்சம் 16 விநாடி. தகரக் கூரைக்குக் கீழே வெப்பம் அந்த வரம்பைத் தாண்டினாலும் தேதி தவறாது. வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: மலிவான சில பலகைகளில் பேட்டரியை மின்னேற்றும் சுற்று இருக்கிறது. மின்னேற்றக் கூடாத சாதாரண சிஆர்2032 பேட்டரியைப் போட்டு 5 வோல்ட் கொடுத்தால் அது வீங்கிக் கசியலாம். பையின் 3.3 வோல்ட் முனையிலேயே இணையுங்கள். பிறகு `/boot/firmware/config.txt` கோப்பில் இந்த வரி:

```
dtoverlay=i2c-rtc,ds3231
```

பழைய தேதியைத் தொடரவைக்கும் `fake-hwclock` என்ற நிரலை நீக்கிவிட்டு, குரோனி என்ற நேர வழங்கி மென்பொருளை இப்படி அமைக்கலாம்:

```
pool asia.pool.ntp.org iburst
makestep 1.0 3
rtcsync
allow 192.168.1.0/24
local stratum 10
```

கடைசி வரியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இணையம் இல்லாதபோதும் தன் கடிகாரத்தை நம்பி மற்றக் கருவிகளுக்கு நேரம் கொடு என்று அது குரோனிக்கு அனுமதி தருகிறது. சில்லு இருந்தால் இதுதான் முழுத் தீர்வு: புயலில் கேபிள் அறுந்து கிடந்தாலும் கேமராக்களும், உள்ளே https வழியே திறக்கும் பதிவுப் பக்கமும் சரியான தேதியில் நடக்கும். சில்லு இல்லாத பையில் இதே வரி ஆபத்து. தவறான நவம்பரை அது முழு நம்பிக்கையோடு பரப்பும். சொந்தப் பேட்டரியால் சரியான தேதியை வைத்திருந்த கருவியைக்கூடப் பின்னுக்கு இழுத்துவிடும். இணையத்தில் கிடைக்கும் அமைப்புக் கோப்பை அப்படியே ஒட்டுபவர்கள் இந்த வரியைப் பார்க்காமல் விடுவது எனக்கு உண்மையில் கவலை தருகிறது. பை எந்த நிலையில் இருக்கிறது என்பதை `chronyc tracking` சொல்லும். `Reference ID` என்ற இடத்தில் `7F7F0101` என்று இருந்தால், வெளியிலிருந்து நேரம் வரவில்லை, சொந்தக் கடிகாரத்தில் ஓடுகிறது என்று பொருள்.

ஜிபிஎஸ் வழிக்கு இணையமே வேண்டாம். விநாடித் துடிப்புக் கம்பியையும் சேர்த்து இணைத்தால் மைக்ரோ விநாடி அளவில் துல்லியம் கிடைக்கும். ஆனால் அன்டெனா வானத்தைப் பார்க்க வேண்டும். தகரத்துக்கும் பிளேட் கூரைக்கும் கீழே செயற்கைக்கோள்கள் எளிதில் தட்டுப்படா. வெளியே வைத்தால் கடற்கரை உப்புக்காற்று இணைப்பு முனையைத் தின்னும். இதைவிடப் பெரிய சங்கதி, ஜிபிஎஸ் தன் வாரங்களை 1024 வரை மட்டுமே எண்ணிவிட்டு மீண்டும் சுழியத்துக்கு வருகிறது. கடைசியாக 2019 ஏப்ரல் 6 நள்ளிரவில் அப்படி வந்தது. மென்பொருள் பழையதாகிப்போன சில வாங்கிகள் விநாடியைச் சரியாகச் சொல்லிவிட்டுத் தேதியை 19 ஆண்டும் 7 மாதமும் பின்னால் சொல்லும். மைக்ரோ விநாடித் துல்லியத்தோடு எல்லாச் சான்றிதழும் செல்லாமல் போகும். பல மாதம் இணையமே எட்டாத இடத்துக்கு நான் ஜிபிஎஸ்ஸைத் தேர்வேன். அங்கும் பக்கத்தில் சில்லு இருக்க வேண்டும். நிலாவெளி விடுதிக்கு இது தேவையற்ற தொல்லை.

எந்த வழியானாலும், கருவிகள் தாமாக வந்து உங்கள் வழங்கியிடம் கேட்கும் என்று இருந்துவிட வேண்டாம். கருவிகளுக்கு ஐபி முகவரி கொடுக்கும் டிஎச்சிபியில் 42ஆம் தெரிவாக வழங்கியின் முகவரியைக் கொடுத்தாலும் விண்டோஸும் ஆண்ட்ராய்டும் அதைப் பொருட்படுத்துவதில்லை. கேமராவில் முகவரியைக் கையால் எழுதுங்கள். பிடிவாதமான கருவிகளுக்கு, யுடிபி 123ஆம் துறைக்குப் போகும் கேள்விகளை ரவுட்டரிலேயே உள்வழங்கிக்குத் திருப்பலாம்.

என் தேர்வு சில்லு பொருத்திய பை. ஆனால் பொருத்தியதும் `sudo hwclock -w` என்று சரியான நேரத்தைச் சில்லில் எழுதி, பையை அணைத்து, இணையக் கம்பியைப் பிடுங்கி, ஒரு மணிநேரம் கழித்து மறுபடி ஏற்றுங்கள். கம்பியைச் செருகுவதற்கு முன் `date` காட்டும் நேரம் உங்கள் கைபேசியோடு ஒத்துப்போக வேண்டும். ஒரு மணிநேரம் பின்தங்கியிருந்தால் சில்லை யாரும் படிக்கவில்லை. `fake-hwclock` இன்னும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.