ஆக்சைடா, உலோகமா? ஈனுலையின் புளூட்டோனியக் கணக்கு

எரிப்பதைவிட அதிகப் புளூட்டோனியத்தை உண்டாக்கும் உலைதான் ஈனுலை. 500 மெகாவாட் மின்சாரம் தரும் கல்பாக்கத்தின் ஈனுலைக்கு எரிபொருள், யுரேனியம், புளூட்டோனியம் இரண்டின் ஆக்சைடையும் கலந்து சுட்டெடுத்த வில்லைகள். பின்னால் வரும் உலைகளுக்கு உலோக எரிபொருள்தான் வேண்டும் என்கிறார்கள். ஏன் என்று பார்க்க நியூட்ரான்களை எண்ண வேண்டும்.

வேக நியூட்ரானை விழுங்கும் ஒவ்வொரு புளூட்டோனியம் அணுவுக்கும் சராசரியாக 2.4 நியூட்ரான் கிடைக்கிறது. ஒன்று தொடர்வினைக்கு. மீதி 1.4-இல் எஃகும் சோடியமும் விழுங்குவதும் வெளியே கசிவதும் போக, எஞ்சியதை யுரேனியம்-238 பிடித்தால் அது சில நாட்களில் நெப்டூனியம் வழியாகப் புளூட்டோனியம் ஆகிவிடும். ஒன்று அழியும்போது எத்தனை பிறக்கிறது என்பதுதான் மாற்று விகிதம். மெதுநியூட்ரான் உலையில் 2.1 அளவே கிடைப்பதால், இழப்பு போக யுரேனிய எரிபொருளில் விகிதம் ஒன்றைத் தொடாது.

ஆக்சைடின் சிக்கல் ஆக்சிஜன்தான். ஒவ்வொரு யுரேனிய, புளூட்டோனிய அணுவோடும் இரண்டு ஆக்சிஜன் இருந்து நியூட்ரானின் வேகத்தைக் குறைக்கின்றன, இடத்தையும் அடைக்கின்றன. அதனால் கல்பாக்க உலையின் விகிதம் சுமார் 1.05 என்றே வடிவமைத்திருக்கிறார்கள். அதுகூட உலையின் நடுப்பகுதியை மட்டும் கணக்கெடுத்தால் கிடைக்காது. மேலும் கீழும் சுற்றிலும் வைத்த, பெரும்பாலும் யுரேனியம்-238 ஆன தீர்ந்த யுரேனியப் போர்வை, தப்பி வரும் நியூட்ரான்களைப் பிடிப்பதால்தான் தேறுகிறது. போர்வையை எடுத்துவிட்டால் ஈனுலை என்ற பெயரே பொருந்தாது.

இனி கணக்கு. 1250 மெகாவாட் வெப்பம் தரும் உலை, ஆண்டில் முக்கால்வாசி நாள் ஓடினால், சுமார் 350 கிலோ புளூட்டோனியம் அழிகிறது. 1.05 என்றால் மிச்சம் ஏறக்குறைய 17 கிலோ. ஓர் உலைக்குத் தேவையான புளூட்டோனிய இருப்பு 2 டன் என்று வைத்துக்கொண்டால் இன்னொரு உலைக்குச் சேர நூறாண்டுக்கு மேல் ஆகும்! உலோகத்தில் விகிதம் 1.3 என்று கொண்டால் மிச்சம் 105 கிலோ. சுமார் 19 ஆண்டு.

அப்புறம் ஏன் முதலிலேயே உலோகம் போடவில்லை? ஆக்சைடு உருக ஏறத்தாழ 2700 டிகிரி வேண்டும், சிர்கோனியம் கலந்த உலோகம் 1100 டிகிரி அளவிலேயே இளகத் தொடங்குகிறது. அதற்கும் கீழே, 700 டிகிரியை ஒட்டியே, அது எஃகு உறைக்குழாயோடு கூடி உருகக்கூடும். உலோகம் வெப்பத்தை வேகமாகக் கடத்துவதால் நடுப்பகுதி அவ்வளவு சூடேறாது என்பது ஈடுகட்டும் குணம். எரிய எரிய வீங்கவும் செய்யும்; குழாயில் கால்வாசி இடம் காலியாக விட்டு சோடியத்தால் நிரப்புகிறார்கள். அமெரிக்காவின் இ.பி.ஆர்-2 உலை இந்த முறையில் பல்லாண்டு ஓடியது.

என் தேர்வு, முதல் உலைக்கு ஆக்சைடு, பெருக்கத்துக்கு உலோகம். ஆனால் அந்த 19 ஆண்டுக் கணக்கில், எரிபொருள் ஆறவும் பிரிக்கவும் மறுபடி வார்க்கவும் வெளியே காத்திருக்கும் காலத்தைச் சேர்க்கவில்லை. ஆக்சைடை நைட்ரிக் அமிலத்தில் கரைத்துப் பிரிக்கும் முறை பழகியது. உலோகத்துக்கு உருகிய உப்பில் மின்னால் பிரிக்கும் ஆலை வேண்டும். அது தாமதமானால் வெளியே காத்துக் கிடக்கும் புளூட்டோனியமும் இருப்புக் கணக்கில்தான் ஏறும், 19 ஆண்டும் நீளும்.