தாடியின் நரையை விட்டுவிட்டேன், தலைக்கு மட்டும் அவுரி: 11 ஆண்டு அனுபவம்

எனக்கு முதல் நரை தலையில் வரவில்லை. 38 வயதில் மோவாயின் நடுவே ஒரு சிறு திட்டாகத் தொடங்கி, ஓராண்டுக்குள் இரு பக்கமும் பரவிய பிறகுதான் காதோரத்தில் எட்டிப் பார்த்தது. இப்போது எனக்கு வயது 49. இடைப்பட்ட காலத்தில் முதல் ஆறு ஆண்டுகள் கடையில் விற்கும் பாக்கெட் சாயப் பொடியையும், அடுத்த மூன்று ஆண்டுகள் மருதாணியையும் அவுரியையும் தாடிக்கும் தலைக்கும் சேர்த்தே பயன்படுத்தினேன். கடந்த இரண்டு ஆண்டுகளாகத் தாடியை அதன் போக்கில் விட்டுவிட்டுத் தலைக்கு மட்டும் நிறமேற்றுகிறேன். நான் ஏற்காட்டில் கணித ஆசிரியராகப் பணிபுரிகிறேன். வார நாட்களில் மலையில் வாடகை அறை, வார இறுதியில் சேலம் அஸ்தம்பட்டி வீடு. இரண்டு ஊர்களின் வெப்பநிலைக்கும் நான் சொல்லப்போவதற்கும் தொடர்பு உண்டு என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன்.

பாக்கெட் சாயத்தின் வசதியை நான் மறுக்கமாட்டேன். தண்ணீரில் குழைத்துத் தடவி அரை மணி நேரத்தில் கழுவினால் எந்த மயிரும் கருத்துவிடும். அந்தக் கருமைக்குக் காரணம் பாரா-ஃபினைலீன்டயமின், சுருக்கமாகப் பி.பி.டி., என்ற வேதிப்பொருள். அது மயிரிழைக்குள் நிறமின்றி நுழைந்து, உள்ளே ஆக்சிஜனேற்றம் அடைந்து பெரிய மூலக்கூறாக மாறிக் கருமையாகத் தங்கிவிடுகிறது. தலைக்கு இதை மாதம் ஒருமுறை போட்டால் போதும். தாடிக்குப் போதாது. தாடி மயிர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர் வளர்கிறது. ஒட்ட வெட்டிய தாடியில் நான்காம் நாளே ஒரு மில்லிமீட்டர் வெள்ளை அடியில் தெரியத் தொடங்கி, சாயம் போட்டிருக்கிறோம் என்பதையும் சேர்த்தே ஊருக்குச் சொல்லிவிடும். அதனால் ஞாயிறுதோறும் போட்டேன். ஆண்டுக்கு ஐம்பது முறை என்றால் ஆறு ஆண்டுகளில் முந்நூறு முறை. தலைக்கு மட்டும் போட்டிருந்தால் எழுபதோ எண்பதோ தான் ஆகியிருக்கும். மண்டைத் தோலைவிட மெல்லிய முகத்தோலில், அதுவும் பல நாள் அப்போதுதான் சவரம் செய்த கழுத்தோரத்தில், அந்தப் பொருளை முந்நூறு முறை பூசியிருக்கிறேன் என்ற கணக்கை நான் போட்டுப் பார்த்தது எல்லாம் முடிந்த பிறகுதான்.

அறிகுறிகள் முன்கூட்டியே வந்தன. ஐந்தாம் ஆண்டில் சாயம் போட்ட மறுநாள் தாடைக்குக் கீழே அரிப்பும், இரண்டு நாள் கழித்துத் தோல் மெல்லியதாக உரிவதும் வழக்கமாயிற்று. சேலத்து வெயிலில் வியர்வை என்றும், பிளேடு மழுங்கிவிட்டது என்றும் நினைத்துக்கொண்டேன். சவர எரிச்சலுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு நேரத்தில் இருக்கிறது. பிளேடு எரிச்சல் சவரம் செய்த உடனேயே தெரியும். சாய ஒவ்வாமை பெரும்பாலும் ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்தே வரும். திங்கள்கிழமை அரிப்பதற்கும் ஞாயிற்றுக்கிழமைச் சாயத்திற்கும் நான் முடிச்சுப் போடாததற்கு அந்த இடைவெளியே காரணம்.

ஆறாம் ஆண்டில் உறவினர் வீட்டுத் திருமணத்திற்காக வெள்ளி மாலை தாடிக்கும் தலைக்கும் சேர்த்துப் போட்டேன். சனி இரவு காதுக்குப் பின்னால் அரித்தது. ஞாயிறு காலை கண்ணிமைகள் இரண்டும் வீங்கி, தாடை முழுவதும் சிவந்து, மோவாயிலிருந்து நீர் கசிந்தது. இமையில் சாயம் படவே இல்லையே என்று குழம்பினேன். இமைத் தோல் மிக மெல்லியது என்பதால் தலையில் போட்ட சாயத்திற்கும் வீக்கம் அங்கேதான் முதலில் தெரியும் என்று தோல் மருத்துவர் பிறகு விளக்கினார். ஒரு வாரம் ஸ்டீராய்டு மாத்திரை, அதன்பின் களிம்பு. திருமணத்திற்குப் போகவில்லை. தோல் ஆறி, மருந்துகள் நின்று சில வாரங்கள் கழித்து முதுகில் ஒட்டுச் சோதனை செய்தார்கள். பல பொருள்களைச் சிறு சிறு பட்டைகளாக ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்து, மேலும் இரண்டு நாள் கழித்து மறுபடி பார்ப்பார்கள். பி.பி.டி. ஒட்டிய இடம் கொப்புளித்திருந்தது.

“ஆறு வருடமாக ஒன்றும் செய்யவில்லையே, டாக்டர்” என்றேன். பழகியதால் பாதுகாப்பு வந்துவிடாது, இந்த ஒவ்வாமை திரும்பத் திரும்பப் படுவதால்தான் உண்டாகிறது, ஒருமுறை வந்தால் பொதுவாக வாழ்நாள் முழுவதும் நிற்கும் என்றார். சாயத்தைத் தோலில் சிறிது தடவிப் பொறுத்துப் பார்க்கச் சொல்லிப் பாக்கெட்டில் போட்டிருக்கும் 48 மணி நேரச் சோதனையை நான் முதல் முறைகூடச் செய்ததில்லை. உண்மையில் அது ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டியது. என்னைப் போல் ஏற்கெனவே வீங்கியவர்கள் அதை வீட்டில் செய்து பார்க்கவும் கூடாது.

அடுத்து நான் செய்யவிருந்த தவறு பெயரில் ஏமாறுவது. ‘அம்மோனியா இல்லை’ என்ற வாசகத்திற்கும் பி.பி.டி. இல்லாமைக்கும் தொடர்பே இல்லை. ‘பி.பி.டி. இல்லை’ என்று எழுதியிருந்தாலும், அதற்குப் பதிலாகச் சேர்க்கும் டொலுவீன் டயமின் என்ற உறவுப் பொருள் என் போன்றோரில் பலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. எல்லாவற்றிலும் மோசமானது ‘கறுப்பு மருதாணி’. மருதாணி மட்டும் நரையைக் கறுப்பாக்காது, செம்மஞ்சளாகத்தான் ஆக்கும். மூலிகைப் பொடி என்று விற்பது அரை மணி நேரத்தில் நரையைக் கருக்க வைத்தால் அதில் இலை மட்டும் இல்லை என்று பொருள்.

எனவே இலைகளுக்கே வந்தேன். மருதாணிப் பொடி, அவுரி இலைப் பொடி இரண்டையும் வேறு எதுவும் கலக்காதவையாக வாங்கி, மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, காதுக்குப் பின்னால் தடவி இரண்டு நாள் பொறுத்துத் தொடங்கினேன். என் குட்டை முடிக்கும் தாடிக்கும் சேர்த்து ஒவ்வொன்றிலும் 50 கிராம் போதும். மருதாணியை வெதுவெதுப்பான நீரும் ஒரு கரண்டி எலுமிச்சைச் சாறும் விட்டுக் குழைத்து மூடி வைக்க வேண்டும். எவ்வளவு நேரம் என்பதில்தான் மலையும் சமவெளியும் வேறுபடுகின்றன. சித்திரை மாதச் சேலத்தில் மூன்று மணி நேரத்தில் மேற்பரப்பு பழுப்பாகி நிறம் விட்டுவிடும். மார்கழி ஏற்காட்டில் இரவு முழுவதும் வைத்தாலும் காலையில் அரைகுறையாகத்தான் இருக்கும். தொட்ட விரலை ஐந்து நிமிடம் கழித்துத் துடைத்தால் செம்மஞ்சள் கறை நிற்க வேண்டும், அதுதான் அடையாளம். அதைத் தடவி இரண்டு மணி நேரம் கழித்து வெறும் தண்ணீரில் அலசினால் நரை தாமிர நிறத்தில் இருக்கும். அன்று வாசலுக்குப் போகாமல் இருப்பது நல்லது.

மருதாணியின் மேல் அடுத்துப் பூசும் அவுரியின் குணம் நேர்மாறு. அதற்குப் புளிப்பு ஆகாது. வெதுவெதுப்பான நீரும் ஒரு சிட்டிகை உப்பும் மட்டும். ஊற வைத்தாலும் ஆகாது. பத்துப் பதினைந்து நிமிடத்தில் தடவத் தொடங்கிவிட வேண்டும், ஏனெனில் நிறம் கிண்ணத்திலேயே தீர்ந்துவிடும். நல்ல பொடி குழைத்த சில நிமிடங்களில் பச்சையின் மேல் நீலப் படலம் கட்டும், வேகவைத்த கீரை வாசம் வீசும். படலம் கட்டாவிட்டால் பொடி பழையது. தடவி நேரத்தை வீணாக்க வேண்டாம். தலையில் பிளாஸ்டிக் உறையிட்டு ஈரம் காயாமல் ஒன்றரை மணி நேரம் வைத்து, ஷாம்பு இல்லாமல் அலசி, இரண்டு நாள் ஷாம்புவைத் தவிர்த்தேன். முதல் நாள் பச்சை கலந்த பழுப்பாக இருக்கும் நிறம் காற்றுப்பட்டு இரண்டாம் நாள் கரும்பழுப்பாகிவிடும். தலையைப் பொறுத்தவரை எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஐந்து வாரம் தாங்குகிறது.

தாடியில் கதை வேறு. அந்த மயிர் தடிப்பானது. அவுரி அதில் சரியாக ஏறுவதில்லை. குழம்பு மோவாயிலிருந்து வழியும், அந்த ஒன்றரை மணி நேரமும் காப்பி குடிக்க முடியாது, பேச முடியாது. இவ்வளவு செய்தும் தினமும் முகம் கழுவுவதால் அவுரி முதலில் வெளுத்து, அடியிலிருந்த மருதாணி மட்டும் நிற்கும். பத்தே நாளில் தலை கறுப்பு, தாடி சிவப்பு. “சார், தாடி மட்டும் ஏன் சார் செம்பட்டையா இருக்கு?” என்று ஏழாம் வகுப்பு மாணவன் கேட்டபோது வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை, எல்லோருக்கும் அந்தக் கேள்வி இருந்திருக்கிறது. மூன்று ஆண்டுகள் நான் அதைத் தொடர்ந்ததற்குப் பிடிவாதம் தவிர வேறு காரணம் இல்லை.

விடுவதற்கு அரையாண்டுத் தேர்வு விடுமுறையைத் தேர்ந்தேன். தாடியை 3 மில்லிமீட்டராக வெட்டிக்கொண்டால், நாளுக்கு 0.3 மில்லிமீட்டர் என்ற கணக்கில் பத்து நாளில் நிறமேறிய பகுதி முழுவதும் வெட்டுக்குள் வந்துவிடும். பள்ளி திறந்த நாளில் செம்பட்டை ஒரு பொட்டுக்கூட இல்லை. தலைக்கு இப்படிச் செய்ய முடியாது. இரண்டு சென்டிமீட்டர் முடிக்கே ஏறத்தாழ இரண்டு மாதம் இருநிறத் தலையோடு நடக்க வேண்டும். தாடியை விடுவதும் தலையை விடுவதும் ஒரே முடிவு என்று நாம் நினைத்துக்கொள்வதால்தான் பலர் இரண்டையும் செய்யாமல் இருக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

வெள்ளைத் தாடியும் கன்னங்கரிய தலையும் சேர்ந்தால் தலை பொய்முடி போலத் தெரியும். முதல் மாதம் எனக்கும் அப்படித்தான் இருந்தது. பிறகு தலைக்கு மருதாணியைத் தனியாக நிறம் விடவைத்து, தடவும் நேரத்தில் சம அளவு அவுரியைக் குழைத்துக் கலந்து ஒரே பூச்சாகப் போடுகிறேன். கறுப்புக்குப் பதில் பழுப்பு வருகிறது. கிருதாவில் ஒன்றும் தடவுவதில்லை. பழுப்பு, சாம்பல், வெள்ளை என்று மேலிருந்து கீழே படிப்படியாக இறங்குகிறது. “வயசு தெரியுதுங்க, ஆனா முகம் பாக்க நல்லாத்தான் இருக்கு” என்றார் என் மனைவி.

ஒரே ஒரு எச்சரிக்கை மட்டும் இன்றும் தொடர்கிறது. சென்ற ஆண்டு சலூனில் முடி வெட்டிய பிறகு என் காதோரம் இரண்டாம் நாள் சிவந்தது. முந்தைய வாடிக்கையாளருக்குச் சாயம் பூசிய தூரிகையாலேயே என் கழுத்தைத் தட்டிவிட்டிருக்கிறார்கள். ஒவ்வாமைப் பொருளின் பெயரை எழுதிய சீட்டு இப்போது என் பர்ஸில் இருக்கிறது. சில மரப்பு மருந்துகளும் இந்தக் குடும்பத்தோடு ஒத்துப்போகாது என்பதால் பல் மருத்துவரிடமும் அதைக் காட்டுகிறேன். சலூனுக்குப் போகும்போது துண்டும் தூரிகையும் வீட்டிலிருந்தே கொண்டுபோகிறேன்.